நின்ற கடிகாரமா, முள் உடைந்த கடிகாரமா?

நாவல் முழுக்க ஒரு கடிகாரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1861) நாவலில் மிஸ் ஹவிஷாம் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நின்றுவிட்டன. எட்டாம் அத்தியாயத்தில் சிறுவன் பிப் அதைப் பார்க்கிறான், காரணம் புரிவதில்லை. மிஸ் ஹவிஷாமின் கல்யாணத்தை நிறுத்திய கடிதம் வந்த நேரம் அது என்பது இருபத்திரண்டாம் அத்தியாயத்தில்தான், அதுவும் நண்பன் ஹெர்பர்ட் சாப்பாட்டு மேசையில் சொல்லித் தெரிகிறது. காட்சிக்கும் விளக்கத்துக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரம்தான் உத்தியைக் காப்பாற்றுகிறது. எட்டிலேயே சொல்லியிருந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு குறிப்பும் வெறும் நினைவூட்டலாகியிருக்கும்.

ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’யில் (1929) குவென்டின் என்ற இளைஞன் தன் தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தை அலமாரி மூலையில் தட்டிக் கண்ணாடியை உடைத்து, முட்களைப் பிடுங்குகிறான். அது நிற்கவில்லை, டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. விரல் வெட்டுப்படுகிறது, கடிகாரக் கடைக்குப் போகிறான். பொருள் அவனை ஏதாவது செய்ய வைத்துக்கொண்டே இருப்பதால் அதன் அர்த்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாறாத மனிதருக்கு முதல் வழி பொருந்தும். ஆனால் அது அசையாத பொருள். அளவுக்கு மீறி வந்தால் சலிக்கும். பாத்திரம் மாறும் கதைக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். கைப்பிரதியில் ‘கடிகாரம்’ என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் அந்த வரியை நீக்கிப் படியுங்கள். காட்சியில் எதுவும் குறையவில்லை என்றால் வரி அங்கே வெறும் அலங்காரம். அதைவிட மோசம், ‘அவள் வாழ்க்கையைப் போலவே’ என்று தொடங்கும் வாக்கியம்.