‘ஃபாஸ்டிங்ல வாங்க’: தமிழாக்குறதா, அப்படியே விடுறதா, பிரிச்சு எழுதுறதா?

போன வருசம் மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு சின்ன லேப்காரர் ஒரு வேலை தந்தாரு. ரத்தம் குடுக்க வாற ஆக்களுக்குக் குடுக்கிற ஒரு பக்க இங்கிலீஷ் துண்ட தமிழ்ல ஆக்கணும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், என்ஜிஓ ரிப்போட் எண்டு மொழிபெயர்த்தே வயித்தக் கழுவுற ஆள் நான், இது அரை நாள் வேலை எண்டுதான் நினைச்சன். கடைசியில ஃபாஸ்டிங் எண்ட ஒத்தச் சொல்லுல வந்து மாட்டுப்பட்டுப் போனன்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு மூண்டு வழி இருக்கு. ஒண்டு, நல்ல தமிழ்ச் சொல் போடுறது. ரெண்டாவது, டொக்டர்மார் சொல்லுற இங்கிலீஷ் சொல்ல அப்படியே தமிழ் எழுத்துல எழுதுறது. மூண்டாவது, அந்தச் சொல்ல பேரா மட்டும் வெச்சுக்கிட்டு அதுக்குக் கீழ ஆள் என்ன செய்யணும் எண்டத பிரிச்சு எழுதுறது. நான் மூண்டாவதுக்குத்தான் வந்து சேந்தன், ஆனா நேரா அங்க போகல்ல, முதல் ரெண்டுலயும் விழுந்து எழும்பித்தான் போனன்.

முதல்ல டொக்டர்மார் ஏன் இப்படிக் கதைக்கிறாங்க எண்டு பாக்கணும். பெருமைக்குக் கதைக்கிறாங்க எண்டு சொல்லுறது லேசு, ஆனா அது அவ்வளவு சரியில்ல. இஞ்ச ஒரு பிள்ளை ஏ.எல். வரைக்கும் உயிரியல தமிழ்லதான் படிக்குது. குருதி, சதையி, சிறுநீரகம் எல்லாம் அதுக்கு நல்லாத் தெரியும். மெடிக்கல் ஃபகல்டிக்குள்ள போனா அண்டையில இருந்து எல்லாம் இங்கிலீஷ். புத்தகம், பரீட்சை, வார்ட் ரவுண்ட், கட்டில்ல தொங்குற டிக்கட், மருந்துத் துண்டு, எல்லாமே. முன்னால இருக்கிற ஆளோட தமிழ்ல கதைச்சுக்கொண்டு கை இங்கிலீஷ்ல எழுதிக்கொண்டு இருக்கக்குள்ள, கை எழுதுற சொல் வாய்லயும் வந்துரும். அதுவும் சும்மா வாறல்ல, தமிழ் இலக்கணத்துக்குள்ள அடங்கித்தான் வரும். ‘அட்மிட் பண்ணி ஒரு ஈசீஜி எடுத்து பாப்பம்’ எண்டதுல சொல்லுகள் இங்கிலீஷ், வசனம் முழுக்கத் தமிழ்.

இன்னொரு காரணம் கூச்சம். ‘மோஷன் போகுதா, யூரின் எரியுதா, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா’ எண்டு கேட்டா வெளிய வரிசையில நிக்கிற ஆளுக்குக் கேட்டாலும் ஒருத்தருக்கும் முகம் சுருங்காது. ஊர்ச் சொல்லுல கேட்டுப் பாருங்க. கான்சர் எண்டு சந்தேகம் வந்தா ‘சின்ன ஒரு க்ரோத் மாதிரி இருக்கு’ எண்டு சொல்லுறதும் இந்தக் கணக்குத்தான், அங்க இங்கிலீஷ் ஒரு திரைச்சீலை. இத மொழிபெயர்க்கிறவன் கவனிக்கணும், டொக்டர் வேணுமெண்டே மெதுவாக்கிச் சொன்னத நாம தமிழ்ல ‘புற்றுநோய்’ எண்டு போட்டு உடைக்கப்படாது.

சரி, முதல் வழி. எனக்கு ஆசை இதுலதான் இருந்தது. தமிழ்ல வைத்தியம் சொல்ல ஏலாது எண்டத நான் நம்புறல்ல, யாழ்ப்பாணம் மானிப்பாயில அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் 1860கள்லயே தமிழ்ல வைத்தியம் படிப்பிச்சவரு. ஆனா ஒரு துண்டுல எழுதப் போனா முதல் கேள்வி, எந்தத் தமிழ்? எங்கட பாடப் புத்தகத்துல சதையி, இந்தியாவுல கணையம். எங்களுக்கு உயர் குருதியமுக்கம், அவங்களுக்கு உயர் இரத்த அழுத்தம். நெட்டுல தேடினா வாறது பெரும்பாலும் அங்கத்தச் சொல்லுதான். ரெண்டையும் விட்டுட்டு களுவாஞ்சிக்குடிச் சந்தையில கேட்டா பிரஷர் எண்டுதான் சொல்லுவாங்க.

ஃபாஸ்டிங்குக்கு வாங்க. அகராதி பாத்தா உண்ணாவிரதம், விரதம், நோன்பு. உண்ணாவிரதம் எண்டா எங்கட ஆக்களுக்கு கச்சேரிக்கு முன்னால கொட்டில் போட்டு இருக்கிறதுதான். விரதம் எண்டா கோயில் விரதம், அதுல பாலும் பழமும் சாப்பிடுற வழக்கம் எத்தனையோ வீட்டுல இருக்கு. ஒரு டம்ளர் பாலும் ரெண்டு வாழப்பழமும் உள்ள போனா சுகர் டெஸ்ட் எடுத்து என்ன பிரயோசனம்? நோன்பு எண்டு போட்டா காத்தான்குடி, ஏறாவூர் ஆக்கள் வேற மாதிரி விளங்குவாங்க. நோன்பில தண்ணியும் குடிக்கிறல்ல, ஆனா விடியிறதுக்கு முன்ன சஹர் சாப்பாடு இருக்கு. நாலரைக்குச் சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு ரத்தம் குடுத்தா இடையில மூண்டரை மணித்தியாலம்தான். இந்த டெஸ்டுக்குக் குறஞ்சது 8 மணித்தியாலம் வேணும், அதுக்குள்ள வெறும் தண்ணி குடிக்கலாம். அப்ப நோன்பு எண்ட சொல் தடுக்கக் கூடாதத தடுக்குது, தடுக்க வேண்டியத விடுது. ஒரே மாவட்டத்துல ரெண்டு ஊருக்கு ரெண்டு அர்த்தம் குடுக்கிற சொல்ல நான் எப்படிப் போடுறது?

ரெண்டாவது வழி லேசு. ஃபாஸ்டிங் எண்டே எழுதுறது. லேப்காரரும் அதத்தான் சொன்னாரு, எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு. ஆக்களுக்கு அந்தச் சொல் தெரியும் எண்டது உண்மைதான், கிளினிக் கொப்பியத் தூக்கிக்கொண்டு ‘நாளைக்கு ஃபாஸ்டிங்’ எண்டுதான் ஆச்சிமாரும் சொல்லுறாங்க. சொல் தெரியும், அதுக்குள்ள என்ன இருக்கு எண்டதுலதான் வித்தியாசம். நான் அத எங்கட வீட்டுலயே கண்டன்.

என்ட பெரியம்மாவுக்கு சீனி வருத்தம் இருக்கா எண்டு பாக்க எழுதிக் குடுத்தாங்க. அவ விடிய எழும்பி குளிச்சு, சாமி கும்பிட்டு, ஒண்டும் சாப்பிடாமப் போய் ரத்தம் குடுத்தா. ரிப்போட்டுல 148. வெறும் வயித்துல 126, அதுக்கு மேல எண்டா சீனி வருத்தம் எண்ட கணக்கு, இன்னொரு நாளும் எடுத்து உறுதிப்படுத்துவாங்க. வீட்டுல எல்லாருக்கும் முகம் செத்துப்போச்சு. நல்ல காலம் டொக்டர் பொறுமையான ஆள், திருப்பி எடுக்கச் சொல்ல முதல் ‘விடிய என்ன குடிச்சீங்க’ எண்டு கேட்டாரு. ‘ஒண்டும் சாப்பிடல்ல ஐயா, ஒரு பிளேன் டீ மட்டும்தான்’ எண்டு சொன்னா. எத்தின கரண்டி சீனி? மூண்டு. பெரியம்மாவப் பொறுத்தவரைக்கும் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்குல வராது, அது முகம் கழுவுற மாதிரி ஒரு காரியம். அடுத்த கிழமை சரியா இருந்து போய் எடுத்தா 118. நூறுக்குக் கீழ இல்லத்தான், கவனமா இருக்கணும் எண்டு சொல்லி அனுப்பினாங்க, ஆனா குளிசை தொடங்க வேண்டிய இலக்கம் இல்ல.

இதுல நான் படிச்ச விசயம் என்னெண்டா, பிழை இங்கிலீஷ் சொல்லுல மட்டும் இல்ல. ‘சாப்பிடாம வாங்க’ எண்டு பச்சத் தமிழ்ல சொன்னாலும் அவ அதத்தான் செஞ்சிருப்பா. சாப்பாடு எண்டா எங்களுக்கு சோறு, இடியப்பம், புட்டு. தேத்தண்ணி, பிஸ்கட், வெத்திலை எல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளிய நிக்குது. அதனால தமிழா இங்கிலீஷா எண்ட சண்டைய விட்டுட்டு, ஒரு துண்ட அளக்க நான் இப்ப வெச்சிருக்கிற கேள்வி ஒண்டே ஒண்டுதான்: இத வாசிச்ச ஆள் நாளைக்கு விடிய தேத்தண்ணி குடிப்பாவா மாட்டாவா?

அப்படிப் பாத்தா மூண்டாவது வழிதான் நிக்குது. நான் கடைசியா எழுதினது இது:

“ஃபாஸ்டிங் சுகர் டெஸ்ட். ராத்திரி 10 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம். தேத்தண்ணி (சீனி போடாததும்), பால், பழம், பிஸ்கட், வெத்திலை ஒன்றும் வேண்டாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம். காலை 8 மணிக்கு வாருங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசை பாவிப்பவர்கள் காலைக் குளிசையைப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட்டுப் போடலாம். இன்சுலின் போடுபவர்கள் முதல் நாளே டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு நாட்களில் வருவதென்றால் முதலில் எங்களிடம் நேரம் கேளுங்கள்.”

ஃபாஸ்டிங் எண்ட சொல்ல நான் எடுக்கல்ல பாருங்க. டொக்டர் அதத்தான் சொல்லுவாரு, கவுண்டர்ல இருக்கிற பிள்ளையும் அதத்தான் கேக்கும், ரிப்போட்டுலயும் அதுதான் அடிச்சிருக்கும். அத எடுத்துட்டா எங்கட துண்டுக்கும் அவங்கட வாய்க்கும் தொடர்பு அத்துப்போகும். அது டெஸ்ட்ட பேர், அவ்வளவுதான். விளக்கம் கீழ இருக்கு. சாப்பிட்டு எடுக்கிற டெஸ்டுக்கும் இதே கதைதான், ‘சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்துல’ எண்டு விட்டா ஒருத்தர் கை கழுவின நேரத்துல இருந்து எண்ணுவாரு, சாப்பிடத் தொடங்கின நேரத்துல இருந்து எண்டு எழுதணும்.

இந்த வழியில குறை இல்லாம இல்ல. துண்டு நீளும். இங்கிலீஷ்ல ஒரு வரி, என்டதுல எட்டு வரி, லேப்காரர் காசு கூடுது எண்டு முணுமுணுத்தாரு. வாசிக்கத் தெரியாத ஆளுக்கு இது ஒண்டும் உதவாது, வாயால சொல்லத்தான் வேணும்.

மறுபக்கமா, டொக்டரும் நோயாளியும் கதைக்கிறத இங்கிலீஷுக்குக் கொண்டு போறதெண்டா இன்னும் கவனம் வேணும், ஏனெண்டா அங்க இங்கிலீஷ் மாதிரிக் கிடக்கிற சொல்லு இங்கிலீஷ் இல்ல. ‘சுகர் இருக்கு’ எண்டா டயபெட்டீஸ் இருக்கு எண்டு அர்த்தம், ‘பிரஷர் இருக்கு’ எண்டா கூடின பிரஷர் எண்டு அர்த்தம். அத அப்படியே திருப்பி இங்கிலீஷ் எழுத்துல போட்டா வாசிக்கிற வெள்ளக்காரனுக்கு ஒண்டும் விளங்காது. ஆகப் பயமான சொல் கேஸ்ட்ரைட்டிஸ். எங்கட ஆக்கள் நெஞ்சுக்குழி எரிஞ்சாலும் ஊதினாலும் குத்தினாலும் அதத்தான் சொல்லுவாங்க, டொக்டர் சொன்னா அது வருத்தத்துட பேர், நோயாளி சொன்னா அது ஒரு நோவு. நோயாளி வாயால வந்தத வருத்தத்துட பேரா எழுதிட்டா, ஹார்ட் அட்டாக்குட நெஞ்சு நோவும் அந்தப் பேருக்குள்ள ஒளிஞ்சு போகலாம். நான் அந்த இடத்துல ‘கேஸ்ட்ரைட்டிஸ் எண்டு அவரே சொல்லுறாரு’ எண்டு எழுதி, எங்க நோகுது எண்டு அவர் காட்டினதையும் சேத்து எழுதுவன்.

சிங்கள டொக்டருக்கும் தமிழ் ஆளுக்கும் இடையில நிண்டு கதைச்சுக் குடுத்த அனுபவம் எனக்கு ரெண்டு மூண்டு தரம்தான், அதனால அதப்பத்திப் பெருசா அளக்க விரும்பல்ல. அப்பவும் சுகர், பிரஷர், ஸ்கேன் எண்ட சொல்லுகள்தான் ரெண்டு பேருக்கும் நடுவில கைகுடுத்தது எண்டு மட்டும் சொல்லலாம்.

அடிக்க முதல் துண்ட பெரியம்மாட்டத்தான் குடுத்து சத்தமா வாசிக்கச் சொன்னன். பாதி வரியில நிப்பாட்டி கண்ணாடிய இறக்கிட்டு என்னப் பாத்தா. ‘வெத்திலையுமா மனே?’

ஓம் பெரியம்மா, வெத்திலையும்தான்.