நூறு ரூபாய் குறைச்சுக் கட்டினதுக்கு மூவாயிரம்: கிரெடிட் கார்டு வெச்சிருக்கறவங்க ஒருக்கா படிச்சிருங்க

திருப்பூர்ல சின்னதா ஒரு தையல் யூனிட் வெச்சிருக்கேன். ஏப்ரல் 24-ம் தேதி பழைய ஓவர்லாக் மிஷின் ஒண்ணு 25,900 ரூபாய்க்கு வாங்கி, கார்டைத் தேய்ச்சேன். மே 14-ம் தேதி பில் வந்துச்சு. கடைசித் தேதி ஜூன் 3. மினிமம் 1,300. பார்ட்டி பணம் வரலை.

"மினிமம் கட்டீட்டா ஒண்ணும் வராது மாப்ளே"ன்னு எங்க மாமா சொன்னார். கார்டை என் தலையில கட்டின ஆளும் அன்னைக்கு இதையேதான் சொன்னான். ஜூன் 2 ராத்திரி, போன மாச மினிமத்தை நினைப்புல வெச்சுக்கிட்டு 1,200 அனுப்பினேன். ஆப்புல பச்சை டிக் விழுந்துச்சு, நன்றின்னு மெசேஜும் வந்துச்சு. நூறு ரூபாய் குறையுதுன்னு ஒரு வார்த்தை வரலை.

ஜூன் 14 பில்லைப் பார்த்தால் கூடுதலா 3,072 ரூபாய்.

உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தேன். லேட் பீஸ் 1,100, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 198. மீதி 1,774-ம் வட்டியும் வட்டிக்கான ஜிஎஸ்டியும். மாமா சொன்னது பாதிதான் சரின்னு அங்கதான் புரிஞ்சுது. மினிமம் முழுசா கட்டியிருந்தா அந்த 1,298 மட்டும் தப்பியிருக்கும். வட்டி எப்படியும் வந்திருக்கும்.

வட்டி கடைசித் தேதியில இருந்து ஓடும்னுதான் நானும் நினைச்சிருந்தேன். முழுத் தொகையும் கட்டாம விட்டா, அது மிஷின் வாங்கின ஏப்ரல் 24-க்கே திரும்பிப் போயிருது. என் கார்டுக்கு மாசம் 3.5, வருசத்துக்கு 42 சதவீதம். 25,900-க்கு ஒரு நாள் வட்டி 29 ரூபாய் 80 காசு. ஜூன் 2 வரைக்கும் 39 நாள், 1,162 ரூபாய். அப்புறம் மீதி 24,700-க்கு 12 நாள், 341. ரெண்டும் சேர்த்து 1,503, ஜிஎஸ்டி 271. பேங்க் வட்டின்னா ஜிஎஸ்டி இல்லைன்னு நம்ம ஆடிட்டர்கள் சொல்றது மத்த கடனுக்கு. கார்டு வட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. நல்லவேளை, இடையில கார்டைத் தேய்க்கலை. தேய்ச்சிருந்தா அந்தச் செலவுக்கும் அன்னைக்கே வட்டி ஆரம்பிச்சிருக்கும்.

இதுவரைக்கும் என் அசட்டைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி கடைசித் தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல போனாத்தான் லேட் பீஸ் போடலாம். ஜூன் 6-க்குள்ள அந்த நூறைக் கட்டியிருந்தாலே போதும், கட்டலை. ஆனா பீஸ் கணக்குல அவங்க பண்ணினது வேற.

லேட் பீஸுக்கு அடுக்கு இருக்கு. என் கார்டுல 10,000-க்கு மேல 25,000 வரைக்கும் 950, அதுக்கு மேல 1,100. நான் 1,200 கட்டினப்புறம் பாக்கி 24,700. அப்ப 950 தானே வரணும்? அவங்க பில்லோட மொத்தம் 25,900-ஐ வெச்சு 1,100 போட்டுட்டாங்க. கடைசித் தேதிக்கு அப்புறம் நிக்கிற பாக்கிக்குத்தான் பீஸ் போடணும், மொத்தத் தொகைக்குப் போடக்கூடாதுன்னு 2024 மார்ச்ல ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தி எழுதியிருக்கு.

போன் பண்ணினேன். "ஏனுங்க, பாக்கி இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழதானுங்களே?"ன்னு கேட்டா, "சிஸ்டம் போடறதுங்க சார், நாங்க மாத்த முடியாதுங்க"ன்னு அந்தப் பொண்ணு மூணு தடவை அதையே சொல்லுச்சு. அதுகிட்டச் சண்டை போட்டு என்ன புண்ணியம்?

ஜூன் 19 பார்ட்டி பணம் வந்துச்சு, 27,772-ஐயும் ஒரே மூச்சா கட்டினேன். மறுநாள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். கோபமா எழுதலை, பில் பக்கம், 1,200 கட்டின ரசீது, அவங்க வெப்சைட்டுல இருக்கற கட்டண அட்டவணை, மூணையும் இணைச்சு, "பாக்கி 24,700, பீஸ் 950, வித்தியாசம் 150, ஜிஎஸ்டி 27"ன்னு நாலு வரி. 30 நாள்ல பதில் வரலைன்னா cms.rbi.org.in-ல ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்டப் போவேன்னும் சேர்த்தேன்.

இதுக்கு நடுவுல ஜூலை 14 பில் 168 ரூபாய்க்கு வந்து நின்னுச்சு. எல்லாம் கட்டியாச்சே, இது எங்கிருந்துன்னு பார்த்தா, ஜூன் 14-க்கும் 19-க்கும் நடுவுல அஞ்சு நாள் வட்டி 142, ஜிஎஸ்டி 26. முழுசா கட்டியாச்சுன்னு ஆப்பை மூடி வெச்சவங்க மாட்டறது இங்கதான். இதைக் கவனிக்காம விட்டா அந்த 168-க்கும் என் கார்டுல நூறு ரூபாய் லேட் பீஸ். டீக்கடையில நின்னுக்கிட்டே கட்டினேன்.

ஜூலை 16-ம் தேதி பதில் வந்துச்சு, 150 ரூபாய் திரும்பி வந்துச்சு. ஜிஎஸ்டி 27 வரலை. அதுக்கு இன்னொரு மெயில் போட்டேன். 27 ரூபாய்க்கா இத்தனை பாடுன்னு வீட்டுல சிரிச்சாங்க. நாலு நாள்ல அதுவும் வந்துச்சு.