பாக்டீரியாவைக் கொல்வதில் யார் கெட்டி: கண்ணீரின் லைசோசைமா, தோலின் டிஃபென்சினா?

வேலூர் கத்திரி வெயிலில் பைக்கில் போகிறவர் கண்ணில் புழுதி விழுகிறது, கூடவே பாக்டீரியாவும். கண்ணீரில் உள்ள லைசோசைம் என்ற நொதி, பாக்டீரியாவின் செல்சுவரில் சர்க்கரைகளைக் கோத்திருக்கும் பிணைப்பை வெட்டும். சுவர் போனால் நீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். ஆனால் ஈ.கோலை வகையறா பாக்டீரியாவுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. லைசோசைம் தனியாக அதைத் தாண்டுவது கஷ்டம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் கில்லாடி, சுவரிலேயே அசிட்டைல் என்ற சின்ன வேதித்துண்டை ஒட்டி வெட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறது.

சரி, டிஃபென்சின்? அது சவ்வைப் பிடிக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட குட்டிப் புரதம் அது. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின். ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். கையில் சிராய்ப்பு பட்டால் தோல் செல்களே அதைக் கூடுதலாகத் தயாரிக்கும். உப்பு மிகுந்தால் பிடி தளரும். ஆனாலும் ஈ.கோலையைப் பொறுத்தவரை என் ஓட்டு டிஃபென்சினுக்குத்தான்.