பி-வி கிராஃப்ல சைக்கிள் வேலை: ஏரியா போடுறதா, ஹீட்டை கூட்டுறதா?

ரெண்டு வழியுமே ஒரே பதிலத்தான் தரும், அதுல சந்தேகமே இல்ல. சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டா ΔU = 0, அப்போ ΔU = Q − W படி மொத்த ஹீட்டும் மொத்த வேலையும் சமம். எங்க எது கைகொடுக்கும்ங்கறதுதான் விஷயம், ஒரு முக்கோண சைக்கிள வெச்சே பாத்துரலாம்.

ஓரணு ஐடியல் கேஸ்னு வெச்சுக்கோங்க. A-ல 100 kPa, 1 லிட்டர். வால்யூம் மாறாம B-க்கு ஏறுது, 300 kPa. அங்கருந்து நேர்கோட்டுல C-க்கு, 100 kPa, 3 லிட்டர். அப்புறம் பிரஷர் மாறாம திரும்ப A.

ஏரியா வழின்னா ஒரே வரி: ½ × 2 × 200 = 200 J. kPa-வ லிட்டரால பெருக்கினா நேரா ஜூல்லயே வந்துரும், கிளாக்வைஸ் சுத்துறதால பிளஸ்.

ஹீட் வழில மூணு படி இருக்கு. AB-ல வேலை கிடையாது, U மட்டும் 1.5 × 200 = 300 J ஏறுது, அதனால Q = 300. BC-ல ரெண்டு முனையிலயும் PV 300 தான், டெம்பரேச்சரும் ஒண்ணுதான், அதனால ΔU சைபர், Q = W = 400. CA-ல வேலை −200, ΔU −300, ஆக Q = −500. கூட்டுனா அதே 200.

வேலை மட்டும் கேட்டா ஏரியாதான், கண்ண மூடிட்டு போடலாம். எஃபிஷியன்சி கேட்டா மட்டும் ஹீட் வழிக்கு வந்தே ஆகணும், நெறைய பேர் சறுக்குற எடமும் அதுதான், உள்ள போன ஹீட் 300 + 400 = 700-னு எடுத்து 28.6%-னு எழுதிடுவாங்க. அது தப்பு. BC-ல மொத்தக் கணக்கு 400 தான், ஆனா வழி முழுக்க ஹீட் உள்ள போகல. கோடு P = 400 − 100V, அத வெச்சு dQ எடுத்தா (1000 − 400V) dV வரும், 2.5 லிட்டர்ல சைபர் ஆகிடுது. அதுவரைக்கும் 450 J உள்ள போகுது, அதுக்கப்புறம் 3 லிட்டர் வரைக்கும் 50 J வெளிய வருது. இத்தனைக்கும் டெம்பரேச்சர் 2 லிட்டர்லயே உச்சத்த தொட்டு எறங்க ஆரம்பிச்சிருக்கும், இருந்தும் இன்னும் அரை லிட்டருக்கு ஹீட் உள்ளதான் போகுது, ஏன்னா U கொறையறத விட கேஸ் செய்யற வேலை அதிகம். அதனால சரியான கணக்கு 200/750, அதாவது 26.7%.

ஆட்டோ சைக்கிள் மாதிரி ரெண்டு அடியபாட்டிக் வளைவு வந்துட்டா கதையே மாறிடும், அங்க ஏரியாவுக்கு இன்டகிரேஷன் போடணும், ஹீட் வழில அந்த ரெண்டு படியும் Q = 0, மிச்சம் ரெண்டு கான்ஸ்டன்ட் வால்யூம் படி மட்டும் பாத்தா போதும். அங்க நான் ஏரியா பக்கமே போகமாட்டேன்.

கெமிஸ்ட்ரி புக்ல ΔU = q + w-னு இருக்கும், அதுல w கேஸ் மேல செய்யற வேலை, அந்த கணக்குல இதே சைக்கிளுக்கு w = −200 J.