ஒரே நாளில் கடல்மீன் தொட்டி தயாராகாது: நான்கு மாதச் சேமிப்பை இழந்தவரின் எச்சரிக்கை

இன்று காலை கடைசி மீனும் இறந்துவிட்டது. கடல்மீன் மட்டுமே விற்கும் கடை ஒன்றை நம்பி, பதினோரு நாட்களில் நான்கு மாதச் சேமிப்பை இழந்திருக்கிறேன்.

புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்று படித்திருந்ததால், அதைத்தான் முதலில் கேட்டேன். கடைக்காரர் ஒரு பாக்டீரியா புட்டியை என் கையில் வைத்து, "இதை ஊற்றுங்கள், நாளைக்கே மீன் விடலாம், நான் பொறுப்பு" என்றார். அந்தச் சொல்லை நம்பினேன். மீன்கள் வெளியிடும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும்வரை அந்தத் தண்ணீர் மீன்களுக்கு நஞ்சுதான். நல்ல புட்டி இந்தக் காலத்தைக் குறைக்கலாம், ஆனால் சோதிக்காமல் நம்ப முடியாது. மூன்றாம் நாள் நான் சோதித்தபோது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன.

சுத்தம் செய்யும் இறால் முதல் இரவே இறந்திருந்தது. கடை விற்ற, நீரின் உப்பளவை அடர்த்தியால் காட்டும், முள் அசையும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது, அதையே ஒளிவிலகலால் அளக்கும் நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டரில் அதே தண்ணீர் 1.019 தான். முள்ளில் ஒட்டும் காற்றுக்குமிழிகள் அதைத் தூக்கிவிடுவதால் அளவு கூடுதலாகத் தெரியும். அந்தக் குறைவை மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது.

புகார் சொன்னபோது, "நீங்கள் தண்ணீரைக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். அளவுகளைக் காட்டியதும், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதமில்லை என்றார். மறுநாள் முதல் தொலைபேசியையே எடுக்கவில்லை. நான்கு மாதச் சேமிப்புக்கு இதுதான் பதில்.

"பிடித்து இரண்டே நாள், புத்தம் புதிய மீன்" என்று அவர் பெருமையாகச் சொன்னதே ஆபத்தின் அடையாளம் என்று இப்போதுதான் புரிகிறது. பவளப்பாறையில் பிடிக்கப்படும் மீன், பயணத்துக்காகப் பட்டினி போடப்பட்டு, தன் கழிவே சேரும் பையில் அடைபடுகிறது. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து நீரின் pH குறைவதால் அம்மோனியாவின் நச்சு ஓரளவு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் pH ஏற, அதே அம்மோனியா மீனைத் தாக்கும். சில இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப்பட்ட மீன் நன்றாகத் தின்றுகொண்டிருந்தாலும் சில வாரங்களில் இறக்கக்கூடும். என் வண்ணத்துப்பூச்சி மீன் எதையுமே தின்னவில்லை.

அவசரமாகச் சில வார்த்தைகள். மீனில்லாத தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியாவைச் சேர்த்து, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை மீன் வாங்காதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டரை ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கரைசலில் சரிபாருங்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனோடு தொடங்குங்கள். கடலில் பிடித்த மீன்தான் வேண்டுமென்றால், அது கடையிலேயே சில வாரங்கள் இருந்து தின்பதை நேரில் பார்த்தபின் வாங்குங்கள்.