மாக்கப் படத்தைக் காட்டி 38,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பெயர்ப்பலகை செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் முகப்பறையில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்து 38,000 ரூபாய் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்பின்னாகத்தான் எழுத வரும்.

டிசைனில் தொடங்கி எழுத்து வெட்டி அனுப்புவது வரை ஆன்லைனிலேயே முடித்துத் தருகிற ஒரு நிறுவனம். கேட்ட அன்றைக்கே மாக்கப் அனுப்பினார்கள், அதாவது பலகை மாட்டினால் எப்படி இருக்கும் என்று கணினியில் செய்து காட்டும் படம். சொரசொரப்பான சாம்பல் நிறச் சுவர், பொழுது சாய்ந்து வானம் கருநீலமாக இருக்கிற நேரம், சுவரைவிட்டுச் சற்று விலகி நிற்கும் பித்தளை எழுத்துகள், அவற்றுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் சுவரில் பரவுகிறது. பித்தளையைத் தேய்த்த மெல்லிய கீறல்கூட எழுத்தின் ஓரத்தில் தெரிந்தது. எங்கள் கடைப் பெயர் அதில் அவ்வளவு லட்சணமாக இருந்தது. "நிஜப் பித்தளைதானா?" என்று கேட்டேன். "ஆமாம் மேடம், படத்தில் என்ன பார்க்கிறீங்களோ அதுதான் வரும்" என்றார் பேசிய பையன். அந்த வார்த்தையை நம்பித்தான் 38,000 ரூபாயையும் மொத்தமாகக் கட்டினேன்.

வந்தது அக்ரிலிக், மேலே தங்க நிறத் தாள். மாட்ட வந்த தம்பி ஒரு எழுத்தைக் கையில் தூக்கியதுமே, "ஆச்சி, பித்தளை இவ்வளவு லேசா இருக்காதே" என்றார். பின்பக்க ஓரத்தை நகத்தால் நெம்பினால் தாள் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது.

புள்ளிகள் கதை இன்னும் மோசம். படத்தில் புள்ளிகள் எழுத்துக்கு மேலே அந்தரத்தில் அழகாக நின்றன. நிஜத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, அதைச் சுவரில் நிறுத்தத் தனிக் கம்பி வேண்டும், எரிய வைக்கத் தனி வயர் வேண்டும். அந்தச் சின்னத் துண்டுக்குப் பின்னால் எல்.இ.டி. வைக்க இடம் பார்த்துத்தான் எழுத்தின் அளவையே முடிவு செய்ய வேண்டும். இவர்கள் புள்ளிகளை விளக்கே இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். ராத்திரியில் எழுத்து எரிகிறது, புள்ளி இருட்டில் காணாமல் போகிறது, கடைப் பெயரையே தப்பாகப் படிக்கிறார்கள்.

அப்புறம் சுவர். எங்களுடையது செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்கும், அவ்வளவு பளபளப்பு. பின்வெளிச்சம் மெத்தென்று பரவ மங்கலான சுவர் வேண்டுமாம். பளபளப்பான சுவரில் ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனித்தனிப் பொட்டாகப் பிரதிபலிக்கிறது. சுவரைப் போட்டோ எடுத்து முதலிலேயே அனுப்பியிருந்தேன், யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் படத்தில் இருந்த அந்திக் கருக்கலும் எங்கள் தெருவில் கிடையாது. எதிர் மருந்துக்கடையின் வெள்ளை வெளிச்சம் முழுக்க எங்கள் சுவரில்தான் அடிக்கிறது.

உள்ளூரில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் பையனிடம் படத்தைக் காட்டினேன். சுவர், வானம், வெளிச்சம் எல்லாம் யாரோ முன்பே செய்து வைத்த ஃபோட்டோஷாப் கோப்பாம். அதில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்ற அடுக்கைத் திறந்து பெயரை அடித்துச் சேமித்தால் போதும், பித்தளை நிறம், கனம், நிழல், பின்வெளிச்சம் எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். அதே சுவரில் வேறொரு கடைப் பெயர் இருக்கிற படத்தையும் காட்டினார், வலது ஓரத்துக் கறைகூட அப்படியே இருக்கிறது! ஆக, எங்கள் பெயருக்கென்று எவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. மாக்கப் செய்வதில் தப்பே இல்லை, தோற்றம் எப்படி என்று காட்டத்தான் அது. அதைக் காட்டி இதுவேதான் வரும் என்று சொல்லிக் காசு வாங்குவது மோசடி.

கேட்டால், "மேடம், அது ரெஃபரன்ஸ் படம்தான்" என்கிறார்கள். பித்தளை என்று சொன்னீர்களே என்றால், "பித்தளை ஃபினிஷ்னு சொன்னோம்." ரசீதைப் பார்த்தால் 'கோல்டு லெட்டர்' என்று மட்டும் இருக்கிறது, என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், ஒன்றும் இல்லை. பெயர் போட்டுச் செய்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. இப்போது என் எண்ணுக்குப் போனே எடுப்பதில்லை. 38,000 ரூபாய், எத்தனை சேலை விற்றால் அந்த லாபம் வரும்!

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, இவ்வளவையாவது செய்யுங்கள். பொருளின் பெயரையும் தடிமனையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிய பலகையின் பகல் நேரப் படத்தைக் கேளுங்கள், அந்தி வெளிச்சத்தில் எந்தத் தாளும் பித்தளைதான். மாக்கப்பை உங்கள் சொந்தச் சுவரின் போட்டோ மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணம் கட்டும் முன் ஒரே ஒரு எழுத்தை மாதிரிக்குச் செய்து அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் புள்ளி உள்ள எழுத்தாக.