ஜூன் விற்பனை 22,60,000 என்று ரிப்போர்ட் வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்: ரிட்டர்ன் சரக்கும் கிரெடிட் நோட்டும்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் பள்ளிக்கூட ஷூ மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்கு இந்தச் சீசனில் நேர்ந்ததை இங்கே எழுதுகிறோம். கணக்கு எழுதும் வேலையை அவர்கள் வெளியே ஒரு சேவையிடம் கொடுத்திருந்தார்கள். மாதம் முடிந்து சில நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்க ரிப்போர்ட் வந்துவிடும். ஜூன் மாத ரிப்போர்ட்டில் நிகர விற்பனை 22,60,000 ரூபாய் என்று போட்டிருந்தது. உண்மையான நிகர விற்பனை 18,95,000. அதாவது 3,65,000 ரூபாய் கூடுதல். அந்த எண்ணை வைத்துத்தான் சேல்ஸ்மேன்களுக்குக் கமிஷன் போனது, ஜூலை ஆர்டர் போனது. கடைக்கு வரவேண்டிய பாக்கி என்று வங்கிக்குப் போன பட்டியலிலும் இதே பிசகுகளில் சில இருந்தன. இதே மாதிரி ரிப்போர்ட் வாங்கும் கடைகள் ஆம்பூர், குடியாத்தம், ஆரணிப் பக்கம் நிறைய இருப்பதால் எங்கே எப்படிப் பிசகியது என்று விவரமாகச் சொல்கிறோம். எல்லாத் தொகையும் ஜி.எஸ்.டி. சேர்க்காதவை. வரி சேர்த்த தொகையை விற்பனை என்று காட்டும் ரிப்போர்ட்டாக இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். வரி கடையின் பணமே இல்லை.

முதல் பிசகு பெரியது. ஜூனில் போட்ட பில்களின் மொத்தம் 21,40,000. அதே மாதம் எழுதிய ஏழு கிரெடிட் நோட்டுகளின் மொத்தம் 1,20,000. அதில் 1,08,000 திரும்பி வந்த சரக்கு, 12,000 விலை வித்தியாசம். கழித்தால் 20,20,000 வரவேண்டும். ரிப்போர்ட்டில் 22,60,000 எப்படி வந்தது? சாஃப்ட்வேரிலிருந்து எக்செல்லுக்கு எடுத்த பட்டியலில் பில்லும் கிரெடிட் நோட்டும் ஒரே பத்தியில் இருந்தன. கிரெடிட் நோட்டுத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இல்லை. கீழே ஒரு கூட்டல் போட்டதும் திரும்பி வந்த சரக்கும் விற்பனையாகக் கூடிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ரிப்போர்ட் தொகைக்கும் விற்பனை லெட்ஜரின் நிகரத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிரெடிட் நோட்டுகளின் மொத்தத்துக்குச் சமமாக இருந்தால், அவற்றைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். சரியாக இரண்டு மடங்காக இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். இந்தக் கடையில் வித்தியாசம் 2,40,000, அதாவது 1,20,000-ஐப் போல இரு மடங்கு. கடைக்காரர் கேட்டபோது அந்தச் சேவையிலிருந்து வந்த பதில், “ஜி.எஸ்.டி.யில சரியாத்தானே போட்டிருக்கோம், அண்ணே.” அது உண்மைதான். ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் கிரெடிட் நோட்டுக்குத் தனி அட்டவணை இருப்பதால் அங்கே கூட்டல் குறியோடு எழுதினாலும் கழிந்துவிடும். எக்செல் பட்டியலில் அப்படிக் கழிக்க யாரும் இல்லை. அங்கே தாக்கல் சரி என்பதால் இங்கே ரிப்போர்ட்டும் சரி என்று ஆகிவிடாது.

எக்செல்லில் இப்படிப் போட்டால், கிரெடிட் நோட்டு எந்தக் குறியோடு வந்தாலும் கழியும். C பத்தியில் வவுச்சர் வகை, E பத்தியில் வரி இல்லாத தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
=SUMIFS(E2:E500,C2:C500,"Sales")-SUMPRODUCT((C2:C500="Credit Note")*ABS(E2:E500))
```

விடைக்குப் பதில் `#VALUE!` என்று வந்தால், E பத்தியில் ஏதோ ஒரு தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. தொகையோடு `Cr` ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதைத் திருத்திவிட்டுப் பாருங்கள். வவுச்சர் வகையின் பெயர் உங்கள் சாஃப்ட்வேரில் வேறாக இருந்தால் அதே பெயரை எழுத்து பிசகாமல் போடவேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பிழையும் காட்டாமல் பூஜ்யத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும். ஒரே ஒரு கிரெடிட் நோட்டை எடுத்து, அதன் தொகை அளவுக்கு விடை குறைகிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பிசகு லெட்ஜரைப் பார்த்தாலும் தெரியாது, ஜி.எஸ்.டி. தாக்கலோடு ஒப்பிட்டாலும் தெரியாது. எங்களைக் கேட்டால் இதுதான் அதிக ஆபத்தானது. ஆரணி, ஆற்காடு கடைகளிலிருந்து விற்காத சைஸ்கள் 170 ஜோடி, ஜூன் 27-லும் 29-லும் குடோனுக்கு வந்து இறங்கின. ஜோடி 500 ரூபாய் வீதம் 85,000. கிரெடிட் நோட்டு எழுதியது ஜூலை 6. ஆனால் ஜூன் 30 மாலை ஸ்டாக் எண்ணியபோது அந்த 170 ஜோடியையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். சரக்கு கண்ணெதிரே இருக்கும்போது எண்ணாமல் எப்படி விடுவார்கள்?

அடக்க விலை ஜோடி 400. விற்றது விற்றதாகவே இருந்திருந்தால் இந்த 170 ஜோடியில் லாபம் 17,000. திரும்பி வந்துவிட்டதால் லாபமே இல்லை. ரிப்போர்ட்டிலோ விற்பனையில் 85,000 நிற்கிறது, கையிருப்பில் 68,000 மதிப்புள்ள அதே ஷூவும் நிற்கிறது. ஒரே ஜோடி விற்ற இடத்திலும் இருக்கிறது, விற்காத இடத்திலும் இருக்கிறது. அடக்கம் எதுவும் கழியாததால், ஜூன் லாபம் முழுசாக 85,000 கூடிவிட்டது. மாதக் கடைசியில் லாப விகிதம் காரணமில்லாமல் ஏறியிருந்தால் முதலில் இங்கேதான் தேடவேண்டும்.

இதைத் தடுக்கக் குடோனில் ஒரு நோட்டு போதும். சரக்கு உள்ளே வந்த அன்றே வரிசை எண் போட்டு, தேதி, பார்ட்டி பெயர், எந்தப் பில்லில் போன சரக்கு, ஆர்டிகிள், சைஸ், எத்தனை ஜோடி, திரும்ப விற்கலாமா பழுதா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்தில் ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள். கிரெடிட் நோட்டு எழுதிய பிறகு அதன் எண்ணும் தேதியும் அங்கே ஏறவேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரிகளின் ஜோடிகளைப் பில் விலையில் கணக்கிட்டுக் கூட்டினால், அதுதான் சரக்கு வந்தும் விற்பனையில் கழியாத தொகை. பழுதானதைக் கையிருப்பில் முழு அடக்க விலைக்கு எண்ணக்கூடாது. பசை விட்ட ஷூ 400 ரூபாய் பெறாது.

அதற்காகக் கிரெடிட் நோட்டை ஜூன் 30 என்று முன்தேதியிட்டு எழுதச் சொல்லவில்லை. ஜூலையில் எழுதியது ஜூலைத் தாக்கலில்தான் போகவேண்டும். ரிப்போர்ட்டில் மட்டும் “சரக்கு வந்தது, கிரெடிட் நோட்டு நிலுவை” என்று தனி வரியாகக் கழியுங்கள். ஜூலைக் கிரெடிட் நோட்டுகளோடு அதே தொகை மறுபடி கழியும் என்பதால், ஜூலை ரிப்போர்ட்டில் அதைத் திருப்பிக் கூட்டிக்கொள்ளுங்கள். தாக்கலுக்கும் ரிப்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கேட்டாலும் அந்த ஒரு வரியைக் காட்டலாம்.

மூன்றாவது, சைஸ் மாற்றிக் கொடுத்த சரக்கு. குடியாத்தம் கடை ஒன்று 40,000 ரூபாய்க்கு வாங்கிய 80 ஜோடியை ஜூனிலேயே திருப்பி அனுப்பிப் பெரிய சைஸ் கேட்டது. மாற்றுச் சரக்கை அனுப்பும்போது புதுப் பில் போட்டார்கள். பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட்டு எழுதவில்லை. 40,000 வியாபாரம் 80,000 ஆனது. மாற்றுச் சரக்குக்குப் பில் போடுவதானால் அதற்கு முன் பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட்டு எழுதியாக வேண்டும். ஒரே பார்ட்டிக்குச் சில நாள் இடைவெளியில் அதே தொகையில் இரண்டு பில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

மொத்தம் சேர்த்துப் பார்த்தால் 2,40,000, 85,000, 40,000. ரிப்போர்ட்டின் 22,60,000-இலிருந்து இந்த மூன்றையும் எடுத்தால் 18,95,000. கமிஷன் 2 சதவீதம் என்பதால் 7,300 ரூபாய் அதிகமாகப் போயிருந்தது. அதை அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். வங்கி விஷயம் அப்படி இல்லை. கடைசி இரண்டு பிசகும் பார்ட்டி லெட்ஜரிலேயே இருந்ததால் வரவேண்டிய பாக்கி 1,25,000 கூடுதலாகப் பட்டியலில் ஏறியது. அந்தப் பாக்கியைக் கணக்கில் எடுத்துத்தான் சி.சி. கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி நிர்ணயிக்கிறது. ஆரணிக் கடையில் பாக்கி கேட்டபோது, “சரக்கைத் திருப்பி அனுப்பிட்டோமே, அதைக் கழிக்கலையா?” என்று அவர்கள் கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பணம் தராத பார்ட்டியின் பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கிரெடிட் நோட்டு எழுதுவது தவறு. சரக்கு திரும்பவில்லை, விலையும் குறையவில்லை. அது வாராக்கடன். அதை விற்பனையில் கழித்தால் ரிப்போர்ட் எதிர்ப்பக்கம் பொய்யாகிவிடும். விலை வித்தியாசம், ஸ்கீம் தள்ளுபடி போன்றவற்றை விற்பனையில் கழிக்கலாம். ஆனால் ரிட்டர்னோடு கலக்காமல் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு சரக்கு திரும்புகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பள்ளிக்கூட ஷூவில் ஜூனில் விற்றது ஜூலையில் திரும்புவது சகஜம். அதற்காக முடிந்துபோன ஜூன் கணக்கைத் திறந்து திருத்த வேண்டாம். சேல்ஸ்மேன் கமிஷனை மட்டும் ஜூலை 15 வரை நிறுத்திவைத்து, அதற்குள் திரும்பிய ஜூன் சரக்கைக் கழித்துக் கொடுக்கலாம். பழைய கிரெடிட் நோட்டுகளை எழுதாமல் வைத்திருப்பவர்கள் ஒரு தேதியை நினைவில் வையுங்கள். ஒரு நிதியாண்டில் விற்ற சரக்குக்கான கிரெடிட் நோட்டை, அந்த ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள் அல்லது ஆண்டுத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள், தாக்கலில் காட்டவேண்டும். அது தாண்டினால் விற்பனை குறையும், கட்டிய வரி திரும்பக் கழியாது.

கணக்கு எழுதித் தருபவரிடம் அடுத்த மாதம் ரிப்போர்ட்டோடு மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பில் மொத்தம், கிரெடிட் நோட்டு மொத்தம் எண்ணிக்கையோடு, குடோன் நோட்டில் நிலுவையாக நிற்கும் தொகை. ஒரே ஒரு “நிகர விற்பனை” எண்ணை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.